இரண்டு விரல் இடைவெளி

ஞானசௌந்தரிக்குக் கோபம் வந்துவிட்டால் அன்றைக்கு முடிச்சூரில் யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. முக்கியமாக அவள் கணவன் ஃபிரெடி.

இருவரும் சேர்ந்து நடத்தும் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு இருந்த ஒரே பெரிய வாடிக்கையாளர் ஓசூருக்கு மாறிப் போய்விட்டார். மாதக் கடைசிக்குள் புது ஆர்டர் வராவிட்டால் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான். ஃபிரெடியோ லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, கண்ணில் பட்ட பேக்டரிக்கெல்லாம் ஒரே மெயிலைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தான். 'நாங்கள் தமிழகத்தின் முன்னணிப் பெட்டித் தயாரிப்பாளர்கள்' என்று அது தொடங்கும். முன்னணியாம்! மழை பெய்தால் மிஷின் மேல் தார்ப்பாய் போடுகிற கம்பெனி. ஒருத்தரும் பதில் போடவில்லை.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் புது கிரைண்டர் வந்தது. கடைப் பையன்கள் யாரும் இல்லாததால் கடைக்காரர் சவுரிமுத்து அண்ணனே தூக்கி வந்தார். வாசற்படியில் பெட்டியின் அடி பிளந்து, கல் நேராக அவர் கால் விரலில் விழுந்தது. அறுபதை நெருங்கும் மனிதர் வலியில் அழுதேவிட்டார். ஞானசௌந்தரி அவரை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, காலிப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் வெளி மடிப்புகள் இரண்டும் நடுவில் ஒன்றையொன்று தொட வேண்டும். தொடவில்லை. இரண்டு விரல் இடைவெளி. அட்டையை மிச்சம் பிடித்துவிட்டு, அத்தனை கனத்தையும் ஒரு ஒட்டு டேப்பின் தலையில் கட்டியிருந்தார்கள்.

"படுபாவிங்க" என்றாள்.

அந்த கிரைண்டர் பேக்டரியின் பர்ச்சேஸ் மேனேஜர் ஷ்யாம்சுந்தரின் கார்டு, ஏதோ கண்காட்சியில் வாங்கியது, ஃபிரெடியிடம் இருந்தது. முன்னணி மெயில் அவருக்கும் போயிருந்தது. பதில் இல்லை.

திங்கட்கிழமை காலை அவள் ஷெட்டுக்கு வந்தபோது ஃபிரெடி உற்சாகமாக இருந்தான்.

"சௌந்தரி, சூப்பரா ஒரு மெயில் ரெடி பண்ணிட்டேன். படிச்சுப் பாரு."

படித்தாள். 'உங்கள் தற்போதைய சப்ளையர் உங்களை ஏமாற்றுகிறார்' என்றிருந்தது. கூடவே நாற்பது பக்கக் கேட்லாக். நகல் போகும் இடத்தில் அந்த பேக்டரி எம்.டி.யின் முகவரி.

"இது எதுக்கு எம்.டி.க்கு?"

"மேல இருந்து பிரஷர் வந்தாதான் அந்த ஆளு அசைவாரு."

ஞானசௌந்தரிக்குக் காது வரை சூடேறியது. "அறிவிருக்கா உங்களுக்கு? பெட்டி அளவை யாரு குடுக்கறது? சப்ளையர் தானா வெட்டுவானா? விலையைக் குறைக்கச் சொல்லி, மடிப்பு சின்னதானாலும் பரவால்லைன்னு கையெழுத்துப் போட்டதே பர்ச்சேஸாதான் இருக்கும். அவர் முதலாளிகிட்டயே அவரைப் போட்டுக் குடுத்துட்டு, அவர்கிட்டயே ஆர்டர் கேப்பீங்களா? எழுந்திரிங்க!"

அவன் எழுந்தான். அவள் அத்தனையையும் அழித்தாள். இங்கிலீஷில், பத்து வரிக்குள் எழுதினாள். தலைப்பு: 'உங்கள் கிரைண்டர் பெட்டியின் அடி, முடிச்சூரில் பிளந்தது.' பெட்டியின் அடியில் ஸ்கேல் வைத்து எடுத்த ஒரே ஒரு போட்டோ. டெலிவரி செய்தவருக்குக் காலில் அடி. மடிப்பை நடுவில் சேரும்படி நீட்டினால் இது நிற்கும், அட்டை கொஞ்சம்தான் கூடும். உங்கள் அளவிலேயே மூன்று பெட்டி இலவசமாகச் செய்து தருகிறேன், கிரைண்டரை வைத்துத் தூக்கிப் பாருங்கள். அனுப்பட்டுமா? கீழே பெயர், போன் நம்பர். யார் மேலும் பழி இல்லை. நகல் யாருக்கும் இல்லை.

அனுப்பிவிட்டு அவளுக்கு அழுகை முட்டியது. திட்ட வேண்டிய மெயிலில் திட்டாமல் விட்ட எரிச்சல்.

"இன்னாக்கா, மூஞ்சி இப்படி கீது?" என்றாள் ஷெட்டில் பெட்டிகளுக்கு ஸ்டேப்ளர் பின் அடிக்கும் கன்னியம்மா. "வேலை போயிடுமோன்னு எனக்கே பேஜாரா கீது, நீ வேற."

"ஒண்ணும் போகாது. வேலையைப் பாரு" என்று ஞானசௌந்தரி அவளிடமும் எரிந்து விழுந்தாள்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது பதில் வந்தது. ஃபிரெடி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

'மேடம், அந்த அளவுக்கு ஒப்புதல் கொடுத்தது நான்தான். குறை சொல்கிறவர்கள் எல்லோரும் எங்கள் எம்.டி.க்கும் ஒரு நகல் போடுவார்கள். நீங்கள் எனக்கு மட்டும் எழுதியிருக்கிறீர்கள். வியாழக்கிழமை மூன்று பெட்டிகளோடு வாருங்கள். அடிபட்டவர் எப்படி இருக்கிறார்?'

ஞானசௌந்தரி அதை இன்னொரு முறை படித்தாள்.

"பாத்தியா, மெயில் போட்டா பதில் வரும்னு நான்தான் சொன்னேன்" என்றான் ஃபிரெடி.

ஞானசௌந்தரி டப்பாவை மூடினாள். கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்கவும் அவள் விடவில்லை. அந்த ஆளைப் பார்க்கும்போது சவுரிமுத்து அண்ணனின் கட்டுப் போட்ட விரலைப் பற்றி நேருக்கு நேராகச் சொல்ல வேண்டும்.

"டேப்பை எடுத்துட்டு வாங்க. அளவு எடுக்கணும்" என்றாள். "மடிப்புக்கு நடுவுல ஒரு நூல் இடைவெளி தெரிஞ்சாலும், அந்தக் கிரைண்டர் கல்லை உங்க கால்லயே போடுவேன்."

ஃபிரெடி சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, டேப்பை எடுக்க வேகமாக நடந்தான்.