கட்டாவிட்டால் என்ன ஆகும்

எங்கள் வீட்டில் பில்களைத் தொலைப்பது என் வேலை, தேடிப்பிடித்துக் கட்டுவது என் மனைவியின் வேலை. இந்தப் பாகப்பிரிவினையில் குடும்பம் சண்டையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் எங்கள் மகள் அவசரப்பட்டு இரண்டு மாதம் முன்னதாகவே பிறந்து, மருத்துவமனையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்துக்கொண்டாள். மனைவி அந்தப் பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் குடியேறினாள். வீட்டில் பில்கள் கதவிடுக்கு வழியாக வந்து விழுந்தபடி இருந்தன. நான் அவற்றை மிதிக்காமல் தாண்டி நடக்கப் பழகியிருந்தேன்.

சிவப்பு எழுத்தில் மின்சார வாரியத்தின் கடைசி அறிவிப்பு வந்ததும் மனைவிக்கு போன் செய்தேன்.

"ஒரு பெரிய தாள் எடுங்க. நாலு கட்டம் போடுங்க," என்றாள். "யாருக்கு, எவ்வளவு, கடைசித் தேதி. நாலாவது, கட்டலைன்னா என்ன ஆகும்."

"நாலாவது எதுக்கும்மா?"

"எல்லாத்தையும் கட்டக் காசு இல்ல. எதை விடலாம், எதை விடக்கூடாதுன்னு தெரிய வேணாமா? தேதி வரிசையில எழுதுங்க. கட்டினதும் அடிச்சுடுங்க. அவ்வளவுதான், ராக்கெட் விடுற வேலை இல்ல."

தரையில் கிடந்ததையெல்லாம் பொறுக்கி எழுதினேன். தண்ணீர்: அபராதம் போடுவான், உடனே நிறுத்த மாட்டான். கேஸ்: அடுத்த மாதம் வரை பொறுப்பான். இணையம்: என் வேலை நின்றுவிடும். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதை வீட்டிலிருந்தே கேட்டுத் தட்டச்சு செய்கிறவன் நான். இணையம் இல்லாவிட்டால் நான் சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள்தான்.

மின்சாரத்துக்கு நேரே எழுதுமுன் ஃப்ரீசரை ஒருமுறை திறந்து பார்த்தேன். பிறகு எழுதினேன்: பால் போய்விடும்.

எங்கள் ஃப்ரீசர் முழுக்கப் பால். மகளுக்கு உறிஞ்சத் தெம்பு வரவில்லை, மூக்கில் விட்ட குழாய் வழியாகத்தான் ஊட்டுகிறார்கள். மனைவி பிழிந்தெடுத்த பாலைச் சிறு சிறு பாட்டில்களில் தேதி ஒட்டி உறைய வைத்திருந்தோம். அன்றன்றைக்கு வேண்டியதைத்தான் வார்டில் வாங்கி வைப்பார்கள், அதற்கு மேல் அங்கே இடமில்லை. போன வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்ததிலிருந்து மனைவிக்குப் பால் வற்றிக்கொண்டு வந்தது. இனி கொஞ்ச நாள் அந்த ஃப்ரீசர்தான் என் மகளுக்குத் தாய். ஒருமுறை உருகினால் திரும்ப உறைய வைக்கக் கூடாது, கொட்ட வேண்டியதுதான்.

அறிவிப்பில் இருந்த கெடு வியாழனோடு முடிந்தது. என் சம்பளம் வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. பணம் வந்துவிட்டதே என்ற தெம்பில், முதலில் குளித்துவிட்டு வந்து நிதானமாகக் கட்டலாம் என்று போனேன். வாழ்க்கையில் நான் நிதானமாகச் செய்ய நினைத்ததெல்லாம் இப்படித்தான் முடிந்திருக்கிறது.

தலை துவட்டிக்கொண்டே போனில் தொகையை அழுத்தினேன். போதிய இருப்பு இல்லை என்றது. கணக்கைத் திறந்தேன். சம்பளத்தில் பெரிய துண்டு ஒன்றைக் காணோம். எடுத்தது, நான் போன வருடம் தொப்பையைக் கரைக்கச் சேர்ந்த உடற்பயிற்சி ஆப். முதல் வருடம் சலுகை விலை, பிறகு தானாகவே முழு விலைக்குப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு. கணக்கில் காசில்லாததால் அந்த வாரம் இரண்டு தடவை கேட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. சம்பளம் விழுந்ததும் என்னை முந்திக்கொண்டது. அந்த ஆப்பில் நான் செய்த ஒரே உடற்பயிற்சி, அதை விரலால் திறந்து மூடியதுதான்.

சுவரில் ஒட்டிய தாளை வெறித்தேன். கதவிடுக்கில் வந்து விழுந்தவை மட்டும்தான் அதில் இருந்தன. இணையக்காரனைத் தவிர, தானாகப் பிடித்துக்கொள்கிறவன் எவனும் காகிதம் அனுப்புவதில்லை. நான் பொறுக்கியது தரையை மட்டும்தான்.

உடனே ஆப்பை ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பரிசீலிக்க ஒரு வாரம் ஆகலாம் என்று இனிமையாகப் பதில் வந்தது. அந்த நேரத்தில்தான் வாசலில் மீட்டர் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது.

லைன்மேன். தோளில் பை, கையில் ஒரு பட்டியல். என் தாளைவிட அழகாக இருந்தது.

"அண்ணே, ஒரு நிமிஷம்."

"எல்லாரும் ஒரு நிமிஷம்னுதான் சொல்றாங்க சார். கட்டின ரசீது இருக்கா?"

"இப்ப இல்லண்ணே. பாதி இருக்கு. உங்க கையில குடுத்தா..."

"என் கையில குடுத்தா எனக்கு வேலை போயிடும். உங்க வீட்டுல கரண்ட் மட்டும்தான் போகும்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "ஏன் சார், என்ன விஷயம்?"

சொன்னேன். கண்ணாடிப் பெட்டியில் ஆரம்பித்தேன். ஃப்ரீசரில் முடித்தேன்.

அவர் மீட்டரிலிருந்து கையை எடுத்தார். "இன்னிக்குப் பிடுங்கினா திங்கள்கிழமைக்கு முன்னாடி மறுபடி குடுக்க ஆள் வராது. இணைப்புக் கட்டணம் வேற. ஆபீசுக்குப் போன் போடுங்க. தவணை கேளுங்க, பிடுங்கறதுக்கு முன்னாடி கேட்டாத்தான் உண்டு. நான் பக்கத்துத் தெருவை முடிச்சுட்டு வரேன். ஆனா வருவேன் சார், மனசுல வச்சுக்கோங்க."

அலுவலகத்தில் ஒரு அம்மா எடுத்தார். எனக்கு முன் நூறு பேருடைய கதையைக் கேட்ட குரல்.

"பாதி இப்ப கட்டினா மீதிய ரெண்டு தவணையாப் போட்டுத் தரலாம். பாதிக்கு ஒரு ரூபா குறைஞ்சாலும் சிஸ்டம் ஏத்துக்காது."

கணக்கில் மிச்சமிருந்தது சரியாக அந்தப் பாதிக்குப் போதும். ஆனால் அது இணையத்துக்கு. நாளைக் காலையில் அதுவும் தானாக எடுத்துக்கொள்ளப்படும்.

மனைவிக்குப் போன் போட்டேன். ஆப் விஷயத்தையும் சேர்த்தே சொன்னேன். வார்டு இயந்திரங்கள் பின்னால் டிக் டிக் என்றன.

"உடற்பயிற்சி," என்றாள் கடைசியில்.

"ஆமாம்மா."

"நீங்க."

"போன வருஷம்."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். "இணையத்தை நிறுத்துங்க," என்றாள்.

"வேலை போயிடும்மா. இந்த வாரம் ஏற்கனவே ரெண்டு தடவை தாமதம்."

"வேலை போனா வேற தேடலாங்க. பாலை எங்க போய்த் தேடுவீங்க?"

வங்கிக் கணக்கில் தானியங்கிப் பிடித்தம் என்ற இடத்தைத் தேடினேன். இணையத்துக்குக் கொடுத்திருந்த அனுமதியை ரத்து செய்தேன். அதே இடத்தில் பாட்டு கேட்கும் ஆப் ஒன்று, புகைப்படம் சேமிக்கும் ஆப் ஒன்று, இன்னதென்று எனக்கே தெரியாத ஒன்று என வரிசையாக நின்றன. எல்லாவற்றின் கழுத்தையும் திருகினேன். பிறகு பாதித் தொகையைக் கட்டி, ரசீது எண்ணை அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் அதை மூன்று முறை திருப்பிச் சொல்லவைத்தார்.

லைன்மேன் சொன்னபடி வந்தார். போனில் வந்த செய்தியைப் பார்த்தார், தன் பட்டியலில் ஒரு கோடு போட்டார்.

"பொண்ணா, பையனா?"

"பொண்ணு."

"நல்லா வந்துடும்," என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டு மீட்டரைத் திறந்தார். அங்கே ஒரு பெரியவர் "ஒரு நிமிஷம்" என்பது கேட்டது.

தாளை எடுத்துக் கீழே இன்னொரு தாளை ஒட்டினேன். பன்னிரண்டு மாத வங்கிக் கணக்கைப் பின்னாலிருந்து பார்த்து, தானாகப் போனவற்றையெல்லாம் எழுதினேன். வருடத்துக்கு ஒருமுறை வருகிறவை அப்போதுதான் அகப்பட்டன. மின்சாரத்தின் இரண்டு தவணைகளையும் தேதியோடு சேர்த்தேன். இணையத்தின் வரிசையை அடிக்கவில்லை. அதைக் கட்டவில்லையே.

மறுநாள் வீட்டில் இணையம் நின்றதும், ஐஸ் பெட்டியில் அன்றைய பாட்டில்களையும் தோளில் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். பார்வையாளர்களுக்கான இலவச இணையம் வார்டுக்கு வெளியே வராந்தாவில் ஒரு மூலையில் மட்டும் கிடைக்கும், அதுவும் மணிக்கு ஒருமுறை அறுந்துபோகும் என்று நர்ஸ் சொன்னார். அந்த மூலையில் தரையில் உட்கார்ந்து, யாரோ ஒருவருடைய மூட்டுவலியைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். கண்ணாடிக்கு உள்ளே மனைவி குழாயை உயர்த்திப் பிடித்திருந்தாள். பால் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்து, ஒழுங்காக வேலையைப் பாருங்கள் என்று கண்ணாலேயே அதட்டினாள்.