கரைக்கு ஒரு படம், மேட்டுக்கு ஒரு படம்

அடுத்தவனைப் பயமுறுத்துவது சுலபம் என்று நினைக்கிறவன், ஒருநாளாவது ஒரு கூடம் நிறைய ஆட்களை உட்காரவைத்துப் பயமுறுத்திப் பார்க்க வேண்டும். சிலர் பயப்படுவார்கள். சிலர் கொட்டாவி விடுவார்கள். மிச்சப் பேர் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டு எழுந்து போய்விடுவார்கள்.

வசனத்துக்கு இது தெரியும். வசனம் என்பது அலுவலகத்தில் அவனுக்கு வைத்த பெயர். காலநிலை மாற்றத்தைப் பற்றி ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லும் பிரிவில் படங்களுக்குப் பேச்சு எழுதி, வெட்டி ஒட்டிக் கொடுப்பது அவன் பிழைப்பு. காற்று சூடானால் அது அதிக ஈரத்தைச் சுமக்கும், சுமந்ததை ஒரே மூச்சில் கொட்டும், அதனால்தான் ஆறு இப்போதெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் வருகிறது என்பதை மூன்று வரியில் எழுதச் சொன்னால் எழுதிவிடுவான். சொந்த அக்காவை ஆற்றங்கரையிலிருந்து கிளப்பத்தான் அவனால் முடியவில்லை.

அக்கா கரையோரத்தில் இஸ்திரி போட்டுப் பிழைப்பவள். மாமா முந்தின வெள்ளத்தில் போய்ச் சேர்ந்தார். அடுத்த மழைக்குள் அக்காவைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது வசனத்துக்குத் தொண்டையில் சிக்கிய முள்.

அந்த வருஷம் இரண்டு படம் எடுத்தார்கள். ஒன்று பயப் படம்: பழைய வெள்ளத்தின் காட்சிகள், மிதக்கும் கட்டில், அழுகை. இன்னொன்று நம்பிக்கைப் படம்: கரையில் கல் அடுக்குகிறார்கள், பெண்கள் சிரித்துக்கொண்டே மரக்கன்று நடுகிறார்கள், "நம்ம கரை, நம்ம பலம்" என்று ஒரு குரல். அந்த வரி வசனம் எழுதியது. கல் வந்தது என்னவோ நாலு லாரிதான். படத்தில் நாற்பது லாரி போலத் தெரியும்.

கரைக்காரர்களைத் தனியாக, மேட்டில் அடுக்குமாடியில் இருப்பவர்களைத் தனியாகக் கூட்டிவந்து, ஒரு கூட்டத்துக்கு ஒரு படம் என்று கூடத்தில் போட்டுக் காட்டினார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு திருகு. பிடித்தால் வலப்பக்கம் திருக வேண்டும், பிடிக்காவிட்டால் இடப்பக்கம். பக்கத்து அறையில் கணினித் திரையில் கோடு ஏறும், இறங்கும்.

பயப் படத்துக்குக் கரைக்காரர்களின் கோடு தரையில் படுத்துக்கொண்டது. ஒரு பெரியவர் எழுந்தார். "இதை நாங்க ஓசியிலயே பாத்தாச்சு. வேற ஏதாவது இருந்தா போடுங்கப்பா." கூடமே சிரித்தது. நம்பிக்கைப் படத்துக்குக் கோடு கூரையைத் தொட்டது. கை தட்டினார்கள்.

மேட்டுக்காரர்கள் நேர்மாறு. நம்பிக்கைப் படத்தைப் பார்த்து, "பரவாயில்லையே, யாரோ பாத்துக்கறாங்க" என்று செல்போனை எடுத்துக்கொண்டார்கள். பயப் படத்தைப் பார்த்த கூட்டத்தில்தான் முதுகு நிமிர்ந்தது. மேட்டில் சும்மா கிடக்கும் மைதானத்தைக் கரைக்காரர்களுக்கு வீடு கட்டக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டதற்கு அதில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

கணக்குப் பார்க்கும் பெண்ணைப் புள்ளி என்று கூப்பிடுவார்கள். அலுவலகக் கூட்டத்தில், பிரிவுக்குத் தலைவியான மேடத்திடம் அவள் வாயைத் திறந்தாள்.

"மேடம், கோடு ஏறுறது பிடிச்சிருக்குன்னுதான் சொல்லும். கிளம்புவாங்களான்னு சொல்லாது. நம்பிக்கைப் படம் பாத்த கரைக்காரங்கள்ல இடம் மாறப் பேர் குடுத்தவங்க ரொம்பக் கம்மி. வெறும் பயப் படம் பாத்தவங்களும் கம்மிதான்."

"அப்ப ரெண்டும் வேஸ்ட்டா?"

"மூணாவதா ஒரு கூட்டத்துக்குப் பயப் படத்தைப் போட்டுட்டு, முடிஞ்ச கையோட வீட்டு விலாசம், சாவி, சாமான் ஏத்த லாரி எப்ப வரும்னு எல்லாம் சொன்னோம். அதுல பாதிக்கு மேல பேர் குடுத்தாங்க. பயம் வேலை செய்யும் மேடம். ஓடுறதுக்கு ஒரு கதவு இருந்தா."

மேடம் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்தால் கதை சுலபமாக முடிந்துவிடும். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"கையில இருக்கறது நாப்பது வீடு. கரையில முந்நூறு குடும்பம். மிச்சப் பேருக்குப் பயத்தைக் குடுத்துட்டு எந்தக் கதவைக் காட்டுறது? உன் வீட்டுக் கதவையா?"

புள்ளி கணக்குத் தாளை மடித்துவைத்தாள்.

"மேட்டுக்குப் பயப் படம். கரைக்கு நம்பிக்கைப் படம். வசனம், உன் வரி நல்லா எடுபடுது. இன்னும் ரெண்டு தடவை வர்ற மாதிரி வெட்டு."

வசனம் வெட்டினான். சம்பளம் வாங்குகிறவன் வேறென்ன செய்வான்.

திரை கட்டிய வண்டி கரைத் தெருவில் ஒரு வாரம் சுற்றியது. அதற்கப்புறம் அவன் அக்கா வீட்டுக்குப் போனபோது, அவள் கையில் கரண்டியோடு சுவருக்குச் சிமெண்டு பூசிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுத் தையல்காரி சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா இது? கிளம்புன்னு சொன்னா பூச்சு பூசுறே?"

"ஏன்டா கிளம்பணும்? கரையை ஒசத்தறாங்களாம். படம் பாக்கலையா நீ? நம்ம கரை, நம்ம பலம்."

தையல்காரி சிரித்தாள். "அக்கா அதை நாள் பூரா பாட்டு மாதிரி சொல்லிட்டே இருக்கு தம்பி."

தையல்காரி போகும்வரை வசனம் காத்திருந்து, "அந்த வரி நான் எழுதினதுக்கா" என்றான்.

"அட, என் தம்பி எழுதினதா! அப்ப பொய்யா இருக்குமா?"

"பொய்தான்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஊருக்கு ஒண்ணு சொல்றே, வீட்டுக்கு ஒண்ணு சொல்றே. ரெண்டுல எதுடா நெசம்? உன் பொண்டாட்டிக்கு வீட்டு வேலைக்கு ஆள் வேணும்னா நேராக் கேளு."

அதற்கப்புறம் அவன் நல்லதனமாகச் சொல்லிப் பார்த்தான். உனக்குத் தனி அறை, பால்கனியில் வெயில் வரும், அங்கேயே இஸ்திரி போடலாம் என்றான். வெயில் இங்கேயும் வருது என்றாள். வெள்ளம் வந்தால் இந்தச் சுவர் நிற்காது என்றான். செத்தால் அவர் போன வழியில் போறேன் என்றாள். அன்று அவள் வெளியூரில் இருந்தாள். அவர் போன வழியைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தூக்கத்திலேயே போய்விட்டார், எதுவும் தெரிந்திருக்காது. அதையும் வசனம்தான் சொல்லி வைத்திருந்தான்.

நெசம் அலுவலக அலமாரியில் இருந்தது. யாரோ மொட்டைமாடியிலிருந்து எடுத்த காட்சி. மாமா விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். நெடுநேரம் நிற்கிறார். ஒரு பெயரைச் சொல்லிக் கத்துகிறார். பிறகு கம்பம் மட்டும் நிற்கிறது. பயப் படத்தில் சேர்க்க எல்லாருக்கும் ஆசை. வசனம் காலில் விழாத குறையாக வேண்டாம் என்று வெட்டி எடுத்திருந்தான்.

மேற்கே மழை பிடித்துவிட்டது என்று செய்தி வந்த காலையில் அவன் ஒரு லாரியோடு போனான். லாரியை வாசலில் நிறுத்தினான். உள்ளே போய் அக்காவை உட்காரவைத்து, செல்போனை அவள் மடியில் வைத்து அந்தக் காட்சியை ஓடவிட்டான்.

அவள் முதலில் யாரோ என்று பார்த்தாள். பிறகு சட்டையை அடையாளம் கண்டாள். போனை வீசவில்லை, கத்தவில்லை. மாமா கத்துகிற இடத்தில் போனைக் காதருகே கொண்டுபோனாள்.

"என் பேரைச் சொல்றாரு."

"ஆமாக்கா."

"தூங்கிட்டிருந்தாருன்னு சொன்னியே."

"வாசல்ல லாரி நிக்குது. வா."

வந்தாள். நூல் பிடித்த மாதிரி வந்தாள். புள்ளியின் கணக்கு ஒரு மயிரிழை பிசகவில்லை. காட்டிய பயத்துக்கும் வேலை இருந்தது, திறந்த கதவுக்கும் வேலை இருந்தது. இஸ்திரி மேசையையும் பெட்டியையும் இரண்டு பேர் தூக்கி ஏற்றும்போது தையல்காரி ஓடிவந்தாள்.

"எங்கக்கா போறே? ஏதாவது சேதியா? நாங்களும் கிளம்பணுமா தம்பி?"

அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் வசனம் முந்திக்கொண்டான். தெருவில் நாலு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாரியோ ஒன்று. அவன் வீட்டில் அறையோ ஒன்று.

"ஒண்ணுமில்லம்மா. கொஞ்ச நாள் எங்க வீட்ல தங்கிட்டு வருவா. நீங்க வீட்டைப் பாத்துக்குங்க."

"நல்லா பாத்துக்கறேன்" என்றாள் தையல்காரி. "நீ கவலைப்படாதே அக்கா, சாவியைக் குடுத்துட்டுப் போ."

மூன்றாம் நாள் ஆறு வந்தது. புதுச் சிமெண்டு பூசிய சுவர் முதலில் விழுந்தது. தையல்காரி அவள் வீட்டிலிருந்து ஓடி மேடேறியிருக்கலாம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அவளோ அக்கா வீட்டுச் சாமானைப் பரண்மேல் ஏற்றி வைக்க உள்ளே போனாளாம். சேற்றிலிருந்து அவள் உடலை எடுத்தபோது கையில் சாவி இருந்தது.

அக்கா அழவில்லை. "அவளுக்கு ஒரு படம், எனக்கு ஒரு படமாடா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதன்பின் தம்பியோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவன் பெண்டாட்டியோடு பேசுவாள். பால்கனியில் நின்று ஊர்த்துணியெல்லாம் தேய்த்தாள். அவன் சட்டையை மட்டும் அப்படியே சுருட்டித் திருப்பி வைப்பாள்.

மழை ஓய்ந்ததும் மேடம் கூப்பிட்டாள். "கரையில நம்ம படத்தை இப்ப யாரும் நம்பறதில்ல. நாம சொன்னா எடுபடாது, அவங்கள்ல ஒருத்தர் சொல்லணும். உன் அக்கா கிளம்பி வந்து பொழைச்சவங்கதானே? ரெண்டு வார்த்தை பேசச் சொல்லேன்."

மானமுள்ளவன் மாட்டேன் என்றிருப்பான். வசனம் வீட்டுக்குப் போய்க் கேட்டான். மறுப்பாள் என்று நம்பித்தான் கேட்டான்.

"பேசறேன்" என்றாள் அக்கா. அத்தனை நாளைக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

கேமரா முன்னால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

"நான் பயந்தேன். தையல்காரியும்தான் பயந்தா, அவ என்னைவிட வெவரமானவ. என் வாசல்ல லாரி நின்னுச்சு, அவ வாசல்ல நிக்கல. போறதுக்கு எனக்கு ஒரு வீடு இருந்துச்சு, அவளுக்கு இல்ல. கிளம்பணுமான்னு கேட்டா. என் தம்பி ஒண்ணுமில்லன்னு சொன்னான். நான் பக்கத்துல நின்னுட்டு ஒரு வார்த்தை சொல்லல. நான் கிளம்பினேன். உசுரோட இருக்கேன்."

புள்ளி எழுந்து வெளியே போய்விட்டாள்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றாள் மேடம் மெதுவாக. "நடுவுல மட்டும் கொஞ்சம் நீளம்."

வசனம் கணினி முன்னால் உட்கார்ந்தான். எத்தனையோ படம் வெட்டியவன், கை பழகியது. நடுவில் இருந்ததை எடுத்துவிட்டு இரண்டு முனையையும் ஒட்டினான். ஒட்டிய இடம் தெரியாமலிருக்க அங்கே ஆற்றைக் கொஞ்சம் காட்டினான்.

முடித்ததை அக்காவிடம் போட்டுக் காட்டினான். ஏன் காட்டினான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. திரையில் அவள் சொன்னாள்: "நான் பயந்தேன். நான் கிளம்பினேன். உசுரோட இருக்கேன்."

அக்கா கடைசிவரை பார்த்தாள்.

"சுருக்கமா இருக்கு" என்றாள். "யாருக்குப் போடப் போறீங்க?"

"கரைக்கு."

"வீடு கட்டியாச்சா அவங்களுக்கு?"

"மைதானத்துக்கு இன்னும் உத்தரவு வரலக்கா."

அக்கா தலையை ஆட்டினாள். எழுந்து பால்கனிக்குப் போய், இஸ்திரிப் பெட்டியில் கங்கு போட்டு ஊத ஆரம்பித்தாள்.