ரெயின்கோட் பட்டு

சசிரேகா தன் மகளின் காதுகுத்து பேனருக்காக, தம்பி வினோத்குமாரின் படத்தோடு என் ஸ்டுடியோவுக்கு வந்தாள். படத்தில் தாய்மாமன் வெறும் பனியனோடு நின்றான்.

"பட்டுச் சட்டை போட்டுவுடுண்ணே."

ஏ.ஐ.யில் ‘பட்டுச் சட்டை’ என்று மட்டும் எழுதினேன். உடம்பெல்லாம் பளபளக்க ஒரு ரெயின்கோட் வந்தது.

"இன்னாண்ணே, மழைக்கு பயந்து வந்துக்கிறானா?" என்று சிரித்தாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ‘மெல்லிய அசல் பட்டு. நெருக்கமான சாதா நெசவு, அங்கங்கே இழை சற்றுத் தடித்திருக்கும். தோளிலும் மடிப்பு மேட்டிலும் மட்டும் மெல்லிய மினுக்கு. முழங்கையில் கசங்கல். வெளிச்சம் படத்தில் விழும் பக்கத்திலிருந்தே’ என்று எழுதினேன். இந்தமுறை வந்த சட்டையைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது.

பேனர் கட்டியதும் வினோத்குமார் ஓடிவந்தான்.

"எம் பொண்டாட்டி பீரோவ கவுத்துப் போட்டு அந்தச் சட்டைய தேடிக்கினு கீறா! ‘நான் பொடவ கேட்டா துட்டு இல்லன்ற, உனுக்கு மட்டும் பட்டா’ன்றா."

"கம்ப்யூட்டர்ல போட்டதுன்னு சொல்லேன்."

"சொன்னேண்ணே. ‘முழங்கை கசங்கிக் கீதே, எத்தினி வாட்டி போட்ட’ன்றா. அக்கா சொன்ன அந்த ரெயின்கோட்டையே போட்டுக் குடுண்ணே!"