மூடிய படகுத்துறையிலிருந்து போன பதில்

போனில் படகுத்துறையின் இணையப் பக்கத்தை வாரத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தால் போதும் என்றுதான் வீட்டின் மருமகள்களில் சின்னவள் ஏற்பாடு செய்திருந்தாள். அன்றைக்கு அரிசி களைந்த கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தபோது, பக்கத்துக்கு மூன்று செய்திகள் வந்திருந்தன.

குடும்பத்துக்கு ஏரியில் படகுச் சவாரித் தொழில். விடுமுறைக் காலத்தில் மூச்சு விட நேரம் இருக்காது. மழை மாதங்களில் ஈ காக்கை வராது. "பக்கம் சாகாம இருக்கணும், ஆனா என்கிட்ட காசு மட்டும் கேக்காதே" என்று கணவன் சொல்லிவிட்டான். அதனால் சீசனில் எடுத்த படங்களில் நல்லதாகப் பொறுக்கி, வாரத்துக்கு ஒன்று என்று ஒரே உட்காரலில் எழுதி, தேதி போட்டு அடுக்கி வைத்தாள். செலவே இல்லை. பதிவுகள் தாமாகவே போய்க்கொண்டிருந்தன. சிரிக்கிற பிள்ளைகள், பளபளக்கும் தண்ணீர்.

முதல்முறை எழுதுகிறவர்களுக்குத் தானாகப் போகிற பதிலை மட்டும் மாற்ற மறந்துவிட்டாள்.

"குழந்தைகளோட இன்னிக்கு வரலாமா?" என்று யாரோ கேட்டிருந்தார்கள். அடுத்த நொடியே பக்கம் பதில் சொல்லியிருந்தது: "வாருங்கள்! படகுகள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன." அதற்கப்புறம் இரண்டு செய்திகள்; கடைசியாக வந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தானியங்கிப் பதில் ஒரு தடவைதான் போகும். அவற்றுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

"கேட் பூட்டியிருக்கு. வேலி ஓரமா வழி இருக்கு, உள்ள வரோம்."

"யாருமே இல்லையே? மரப்பாலத்துல நிக்கிறோம்."

படகு ஏறப் போகும் அந்தப் பாலத்தின் நடுவில் உளுத்த பலகைகளைக் கழற்றி எடுத்திருந்தார்கள். புதுப் பலகை வாங்கத்தான் கணவனும் அவன் அண்ணனும் வெளியூர் போயிருந்தார்கள். அடியில் உள்ள மரச் சட்டங்கள் நனையாமல் இருக்க, ஓட்டைக்கு மேல் நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கீழே மழைத்தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

"பாலத்தில் ஏறாதீர்கள்" என்று தட்டினாள். பார்த்ததற்கு அடையாளம் இல்லை. ஏரிப் பக்கம் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும்.

"அக்கா! வண்டிச் சாவி!"

ஓரகத்தி கரண்டியும் கையுமாக வந்தாள். "என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

"பேஜு யாரையோ வரச் சொல்லியிருக்கு. பாலத்து மேல நிக்கிறாங்க."

"பேஜு எப்படிடி கூப்பிடும்? நீதானே கூப்பிடணும்?"

"நான் இல்லேன்னாலும் கூப்பிடும்க்கா. அப்படித்தான் வெச்சிருக்கேன்."

அடுப்பை அணைத்துவிட்டு ஓரகத்தியும் பின்னால் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் "ஒண்ணும் ஆகாதுடி, ஒண்ணும் ஆகாது" என்று அவள் சொன்னது யாருக்கு என்று தெரியவில்லை. சின்னவளின் தோளைப் பிடித்திருந்த விரல்கள் சதைக்குள் இறங்கின.

வேலியைத் தாண்டியதும் கண்ணில் பட்டது அந்த நீலம்தான். அதன் நடுவில் ஒரு சின்னப் பெண் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தார்ப்பாய் அவளோடு சேர்ந்து தொட்டிபோலத் தொய்ந்திருந்தது. இந்தப் பக்கம் அவளுடைய அப்பா போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார். அம்மா கைக்குழந்தையோடு கரையில் நின்றாள்.

கத்த வாயெடுத்த ஓரகத்தியின் வாயைச் சின்னவள் பொத்தினாள். கத்தினால் குழந்தை துள்ளி எழும். எழுந்தால் பாரமெல்லாம் ஒரே இடத்தில் இறங்கும்.

"சார்," என்றாள், தன் குரல் தனக்கே கேட்காத மாதிரி. "அசையாதீங்க. அதுக்குக் கீழே பலகை இல்ல."

அவர் தூக்கிய போன் அப்படியே நின்றது.

சின்னவள் பாலத்தில் குப்புறப் படுத்து ஊர்ந்தாள். "பாப்பா, ஒரு விளையாட்டு. எந்திரிக்கக் கூடாது. பல்லி மாதிரி படுத்துட்டே என்கிட்ட வா, பார்ப்போம்."

"பல்லின்னா எனக்குப் பயம்."

"எனக்கும்தான். அப்ப முதலை."

குழந்தை சிரித்துக்கொண்டே கவிழ்ந்தாள். எங்கோ ஒரு கயிறு முறுக்கு அவிழும் சத்தம். தார்ப்பாயின் ஒரு மூலை கீழே இறங்கியது. சிறிய கை ஒன்று விரலில் பட்டது. மணிக்கட்டோடு பற்றி இழுத்தாள். அப்பா பின்னாலிருந்து அவள் காலைப் பிடித்து இருவரையும் சேர்த்து இழுத்தார்.

கரைக்கு வந்தபிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. போனை நீட்டினார். "நீங்கதானே வாங்கன்னீங்க? படகு காத்திருக்குன்னீங்க?"

"ஆமா சார். நான்தான்."

 அவர்கள் போனார்கள்.

"அந்தப் பேஜைத் தொலைச்சுக் கட்டுடி," என்றாள் ஓரகத்தி, தரையில் உட்கார்ந்தபடி.

"தொலைச்சா சீசனுக்கு யாருக்கா நம்மைத் தேடுவா?"

சிக்னல் வரும்வரை மேட்டில் ஏறி நின்று முதலில் பதிலை மாற்றினாள்: "இப்போது மூடியிருக்கிறோம். வரவேண்டாம்." அடுக்கி வைத்த பதிவுகள் ஒவ்வொன்றையும் திறந்தாள். எல்லாப் படத்திலும் இதே பாலம், மேலே பிள்ளைகள். எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தாள்.

பிறகு திரும்பி வந்து, ஓரகத்தி இடுப்பைப் பிடித்துக்கொள்ள, தார்ப்பாயின் மிச்சக் கயிறுகளை அவிழ்த்து ஒதுக்கினாள். ஓட்டை வாயைப் பிளந்துகொண்டு தெரிந்தது. மூடியிருக்கிறோம் என்று சொல்ல, அடுத்த வாரத்துக்கு இந்தப் படம்தான் போக வேண்டும். கை நடுங்கியதில் முதல் படம் கலங்கிப்போனது. இரண்டாவதும் அப்படியே.

"என் தோள்ல கையை ஊன்றிக்கோ," என்றாள் ஓரகத்தி. அவள் தோளும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.