நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்

சுகாதார நிலையத்தில் அவளை எல்லோரும் பட்டியலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதிவேட்டில் இருப்பதைக் கணினியில் ஏற்றி, யாருக்கு எந்த முகாம் என்று பெயர்ப்பட்டியல் எடுத்துத் தருவது அவள் வேலை. இந்த முறை காது பரிசோதனை. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கான வண்டி இன்று ஒருநாள்தான் நிற்கும், மாலை ஐந்து மணி வரை. விட்டால் அடுத்த வருஷம்தான்.

மேலிடத்திலிருந்து வயதுப் பிரிவுகள் வார்த்தையில் வந்திருந்தன. ‘ஐந்துக்குக் கீழ்’, ‘5 முதல் 14’, ‘15 முதல் 59’, ‘அறுபதும் அதற்கு மேலும்’. கணினிக்கு வார்த்தை புரியாது என்று ஒவ்வொன்றுக்கும் கீழ்வரம்பு, மேல்வரம்பு என இரண்டு கட்டம் போட்டாள். அறுபதுக்கு மேல்வரம்பாக 99 போடச் சொன்னார் மேலாளர். “நூத்தி ரெண்டு வயசுல ஒருத்தர் இருக்காரே, அவரை எங்க சார் வைக்கறது?” என்று மல்லுக்கு நின்று, அதைக் காலியாக விட்டு, காலி என்றால் வரம்பில்லை என்று கணினிக்கும் சொல்லி வைத்தாள். அந்தப் பெருமையில் ‘ஐந்துக்குக் கீழ்’ என்பதை யோசிக்கவே இல்லை. 0, 4 என்று தட்டிவிட்டு எழுந்துவிட்டாள். பெரிய மனுஷருக்காகச் சண்டை போட்டவளுக்குச் சின்னதுகள் கண்ணில் படவில்லை.

பகல் பதினொன்றுக்கு அண்ணி குழந்தையோடு வந்து ஜன்னலருகே நின்றாள். குழந்தைக்கு நாலு வருஷம் எட்டு மாதம். வாயிலிருந்து முழுசாக நாலு வார்த்தை வராது. “எல்லாம் தானா பேசுவா” என்று அண்ணன் தட்டிக்கழிக்க, அண்ணியைத்தான் அவள் இரண்டு மாதமாகக் கெஞ்சி இன்று வரவழைத்திருந்தாள்.

“லிஸ்ட்ல பேரே இல்லையாம்டி. பேரில்லன்னா பிள்ளைக்கு ஒண்ணுமில்லன்னுதானே அர்த்தம்? நாங்க கெளம்பறோம்.” அண்ணியின் முகத்தில் அத்தனை நிம்மதி. அதைப் பார்த்ததும் இவள் எழுந்து ஜன்னலுக்கு வந்தாள்.

“அண்ணி, ரெண்டே நிமிஷம் உக்காருங்க.”

பேரைக் கையால் எழுதிச் சேர்த்திருந்தால் வேலை முடிந்திருக்கும். மனசு கேட்கவில்லை. பதிவேட்டில் 1,846 பேர். நாலு பிரிவையும் கூட்டினால் 1,809. முப்பத்தேழு பேரைக் காணவில்லை!

யார் என்று தேடினாள். எல்லாரும் நாலு வயதுக்காரர்கள். பெரியவர்களின் வயது முழு வருஷமாக இருந்தது. சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் மாதக் கணக்கு. அதை அவள்தான் பன்னிரண்டால் வகுத்திருந்தாள். அண்ணன் மகளுக்கு ஐம்பத்தாறு மாதம், அதாவது 4.67. நாலைத் தாண்டிவிட்டாள், ஐந்தைத் தொடவில்லை. நாலோடு நின்ற பிரிவிலும் இல்லை, ஐந்தில் தொடங்கும் பிரிவிலும் இல்லை. நடுத்தெருவில் விட்டது போல முப்பத்தேழு பிள்ளைகளை விட்டிருந்தாள். அவமானத்தில் காது சுட்டது.

மேல்வரம்பை 5 ஆக்கினாள். வயது அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று விதியை மாற்றினாள். விதி மாறியதால் 14 இருந்த இடத்தில் 15, 59 இருந்த இடத்தில் 60. அறுபதுக்காரர்களின் மேல்வரம்புக் கட்டம் மட்டும் காலியாகவே இருந்தது. கூட்டினாள். 1,846.

புதிய பட்டியலைக் கையிலெடுத்துக்கொண்டு வண்டிக்கு ஓடினாள். பரிசோதகர் குழந்தையின் காதில் கருவியை மாட்டினார். சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். குழந்தை அத்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது, சத்தத்துக்கு அசையவில்லை. கடைசியில் எங்கோ ஒரு இடத்தில் திரும்பிப் பார்த்தது.

“ரெண்டு காதுலயும் குறை இருக்கும்மா. பெரிய ஆஸ்பத்திரில முழுசா பாத்துட்டு கருவி வெச்சா நல்லா உதவும். இப்பவே வந்தது நல்லது.”

அண்ணி குழந்தையை இறுக்கிக் கட்டிக்கொண்டு அழுதாள். இவளும் அழுதாள். “பேரை விட்டது நான்தான் அண்ணி. மன்னிச்சுடுங்க.”

“அழறதுக்கு நேரமில்ல. விட்டுப்போனது இவ ஒருத்தியா?”

“இல்ல. இன்னும் முப்பத்தாறு.”

மணி ஒன்று. இருவரும் அவள் மேஜைக்கு வந்தார்கள். அவள் தொலைபேசியில் கூப்பிடக் கூப்பிட, சிலர் உடனே கிளம்பினார்கள். பன்னிரண்டாவது தாய் பிடி கொடுக்கவில்லை. காலையில் பேரில்லை என்று அனுப்பிவிட்டார்களாம், பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறானாம், இவ்வளவு தூரம் இன்னொரு தடவை வரமாட்டாளாம். பட்டியலக்கா எத்தனை விளக்கியும் ஆகவில்லை.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

“எங்கிட்ட குடு.” வாங்கிக் காதில் வைத்தாள். “நானும் இப்படித்தாம்மா வீட்டுக்குப் போக இருந்தேன். எம் பொண்ணு மடியிலதான் இருக்கா. நீ பயப்படாம கூட்டிட்டு வா. நீ வர்ற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்.”