அடைப்பக்காரன் விட்ட கொட்டாவி

ராஜா தூங்குவதைப் பற்றித்தான் ஊர் பேசும். அவர் பக்கத்தில் நானூறு வருடம் தூங்காமல் உட்கார்ந்திருந்தவனைப் பற்றி எவரும் மூச்சு விடுவதில்லை. அந்தப் பாவி பெயர் இருளாண்டி. மழவராயருக்கு வெற்றிலைப் பெட்டி தூக்கிய அடைப்பக்காரன்.

போரில் தோற்ற மழவராயர் ஆந்தைப்பாறைக் குகையில் படுக்குமுன் தன் கையால் அவனுக்கு வெற்றிலை கொடுத்தார். "நூறு வருசத்துக்கு ஒருக்கா கண்ணு முழிப்பேன். நாட்டுக்கு ராசா இருக்கானான்னு கேப்பேன். இருக்கான்னா மறுபடியும் படுத்துக்குவேன். இல்லைன்னா எந்திரிச்சு வாளை உருவிக்கிட்டு வந்து நானே ஆளுவேன். அதுவரைக்கும் ஒனக்குச் சாவும் இல்லை, தூக்கமும் இல்லை. பொய் சொன்னா ரெண்டு பேரும் மண்ணாப் போவோம்."

ராஜா கொடுத்த வெற்றிலையை வாங்கினால் வேலையை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். விட்டுப் போக வேண்டுமானால் மறுபடியும் ஒரு ராஜா கையால்தான் வெற்றிலை வாங்க வேண்டும். இருளாண்டி யோசிக்காமல் வாங்கி மென்றுவிட்டான். அந்த அவசரப் புத்திக்காக நானூறு வருடமும் தன்னையே திட்டிக்கொண்டான்.

தலைமாட்டில் ஒரு விளக்கு. எண்ணெய் ஒரு பகல் தாங்கும். அது அணைந்தாலும் இருவரும் மண்தான். அதனால் காலையில் எண்ணெய் ஊற்றிவிட்டு வெளியே போனால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவான். பாறையைச் சுற்றி வளரும் ராஜாவின் தாடியை ஒதுக்கிவிடுவான், ஈ ஓட்டுவான், கொழுந்து வெற்றிலையாகப் பார்த்துப் பெட்டியில் மாற்றி வைப்பான். மூன்று தடவை கேள்வி வந்தது. மூன்று தடவையும் யாரோ ஒரு ராஜா இருந்து தொலைத்தான். மழவராயர் நிம்மதியாகப் புரண்டு படுத்தார். இருளாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது.

நாற்பத்தெட்டில் சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்துவிட்டார்கள் என்று ஆப்பக்கடை மூக்காயி சொன்னபோது அவன் தெருவிலேயே குதித்தான்.

"இனிமே ராசாவே கெடையாதா தங்கச்சி?"

"கெடையாதுண்ணே. அதுக்கு நீங்க எதுக்கு ஆடுறீங்க?"

அடுத்த கேள்வி ஐம்பத்திரண்டு தை மாதம். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தூக்கம். நானூறு வருடத்தில் முதல் கொட்டாவி வந்தது.

இடையில் வாக்காளர் பட்டியல் எழுத ஒருவர் கடைக்கு வந்தார். மூக்காயியை இன்னார் பெண்டாட்டி என்று எழுதப் போனார். "மூக்காயின்னு எழுதுங்க" என்று அதட்டினாள். இருளாண்டியையும் சேர்த்துவிட்டாள். வயது கேட்டதற்கு அவன் கூச்சத்தோடு நாற்பத்தைந்து என்றான்.

கேள்வி நாளும் ஓட்டு நாளும் ஒன்றாக வந்து சேர்ந்தன. பள்ளிக்கூட வாசலில் இருளாண்டி வரிசையில் நின்றான். அவனுக்குப் பின்னால் மிராசுதார் நாகராசு. பழக்கத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவன் ஒதுங்கப் போனான்.

"வரிசையில நில்லுங்க" என்றார் போலீஸ்காரர், அவனைப் பார்த்து, மரியாதையாக.

விரலில் மை வைத்து ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். மறைப்புக்குப் பின்னால் சின்னம் ஒட்டிய பெட்டிகள். விருப்பமான பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். அவனிடம் யாராவது என்றைக்காவது விருப்பம் கேட்டிருக்கிறார்களா? அவன் நின்றுகொண்டே இருந்தான். "எம்புட்டு நேரம்?" என்று நாகராசு முனகினார். மிராசுதார் தனக்காகக் காத்திருக்கிறார் என்பது உறைத்ததும் இருளாண்டிக்கு நெஞ்சு விம்மியது. இன்னும் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போட்டான்.

ஓடி வந்தபோது விளக்குத் திரி கருகிக்கொண்டிருந்தது. எண்ணெய் ஊற்றிய கையோடு ராஜா கண் திறந்தார். உள்ளங்கை வாளைத் தேடியது.

"டேய் இருளாண்டி, நாட்டுக்கு ராசா இருக்கானா?"

இல்லை என்றால் தூக்கம். ஆனால் ராஜா எழுந்து ஆள வந்தால் இந்த வாள் முதலில் மூக்காயி கடை வாசலுக்குத்தான் போகும். இருக்கிறான் என்றால் இன்னும் நூறு வருடம் விழித்திருக்க வேண்டும்.

"இருக்காங்க சாமி."

"யாரு?"

"மூக்காயி. அப்புறம்..." மை வைத்த விரலை நீட்டினான். "நானுந்தான். வரிசையில நின்ன அம்புட்டுப் பேரும்."

மண்ணாகப் போகிறோம் என்று கண்ணை மூடிக்கொண்டான். ஒன்றும் நடக்கவில்லை. விளக்கு நின்று எரிந்தது. பொய் இல்லை!

மழவராயர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இத்தனை ராசாவா? எனக்கு எப்படிரா இனிமே தூக்கம் வரும்?"

வேலையை விட்டுப் போக ஒரு ராஜா கையால் வெற்றிலை வாங்க வேண்டும், அவ்வளவுதானே? இருளாண்டி பெட்டியைத் திறந்தான். நல்ல கொழுந்தாக எடுத்து, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்து, மை வைத்த தன் கையாலேயே தன் வாயில் போட்டுக்கொண்டான். கண் சொருகியது. ராஜாவின் பாறையில் காலை நீட்டிப் படுத்தான்.

"டேய், விளக்கை யாருடா பாக்குறது?"

"நீங்கதான். ஈயும் ஓட்டுங்க" என்றான், பாதித் தூக்கத்தில். "அடுத்த ஓட்டுக்கு மறக்காம எழுப்பி விட்ருங்க, சாமி."