பக்கவாட்டு முகம்

கோச்சடையில் தங்கள் இட்லிக் கடை வாசலிலேயே புருஷன் தங்கப்பாண்டியை எவனோ குத்திப்போட்டு இருபது நாள் ஆகிவிட்டது. முனீஸ்வரி சரியாகத் தூங்கி இருபது நாள். பிடிபட்டவனை அடையாள அணிவகுப்பில் காட்ட வந்து, சிறை வாசலில் வேப்பமரத்தடியில் குந்தியிருந்தாள்.

"போன்ல நான் காமிச்ச போட்டோவ உள்ள சொல்லிராத தங்கச்சி" என்றார் ஏட்டு ஆண்டிச்சாமி. "மாஜிஸ்ட்ரேட்டம்மா கேக்கும். பாக்கலைன்னுரு."

"அப்ப ஏண்ணே காமிச்சீக? கோர்ட்டுலயே கை காட்டியிருப்பேன்ல."

"கூண்டுல ஒத்தையா நிப்பான். அவனக் கை காட்ட எம் மகளுக்கே தெரியும், ஒண்ணாப்பு படிக்கிறா. அறியாத ஆள மொதமொதல்ல அங்கன வச்சுச் சொன்னா எந்த ஜட்ஜு நம்புவாரு? அதுக்குத்தான் இங்க இம்புட்டுப் பாடு. நீ ஆள மாத்திக் காட்டிரக் கூடாதுன்னுதான் போட்டோ. போ, நான் உள்ள வரப்படாது."

உள்ளே ஒரு போலீஸ்கூட இல்லை. சுவரோரம் ஒன்பது பேர் நின்றார்கள். எல்லாரும் ஒரே வயது, ஒரே வாகு. குற்றம் சாட்டப்பட்டவனுக்குப் புருவத்தில் தழும்பு உண்டு என்பதால், ஒன்பது புருவத்திலும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. எங்கே நிற்பது என்பதை அவனே தேர்ந்துகொள்ளலாமாம்.

"இவங்கள்ல யாரையாவது, போட்டோவையாவது, இதுக்கு முன்ன யாரும் காட்டுனாங்களா?" என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார்.

முனீஸ்வரி தலையை ஆட்டினாள். மாஜிஸ்ட்ரேட் அதை இல்லை என்று எழுதிக்கொண்டார்.

வரிசையைப் பார்த்தாள். ஆறாவது ஆளிடம் வந்ததும் கை தானாக எழுந்து பாதியில் நின்றது. அதே முகம். ஆனால் எங்கே பார்த்த முகம்? அன்று அவள் அடுப்படியிலிருந்து பார்த்தது, பைக்கை உதைத்துக் கிளப்பியவனின் ஒரு பக்கத்தைத்தான். காது, தாடை, அவ்வளவுதான். நேராகத் தெரியும் முகம் ஏட்டு போனில் காட்டியது.

"அம்மா, எல்லாரையும் பக்கவாட்டுல திரும்பி நிக்கச் சொல்றீகளா?"

ஒன்பது பேரும் திரும்பினார்கள். மூன்றாவது ஆளின் தாடையும் அப்படித்தான் இருந்தது. ஆறாவதும். வெகுநேரம் பார்த்தாள். தங்கப்பாண்டி அவள் மடியில் கிடந்தபோது பார்த்துக்கொண்டே இருந்த அவனுடைய கண்கள்தான் நினைவுக்கு வந்தன.

"தெரியலம்மா" என்றாள். "போட்டோ பாத்தேன். ஏட்டு காமிச்சாரு. பொய்யாத் தலைய ஆட்டிட்டேன்."

மாஜிஸ்ட்ரேட் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். திட்டவில்லை. எல்லாவற்றையும் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார்.

வெளியே ஆண்டிச்சாமி ஓடி வந்தார். "காமிச்சுட்டேல்ல?"

"இல்லண்ணே."

"அடிப்பாவி! அவன் வெளிய வந்துருவானே!"

"வருவான். அவந்தானான்னு எனக்கே தெரியாமப் பண்ணிட்டீகளே."

பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முன் சீட்டில் ஒருவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். காது, தாடை. முனீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள்.